பத்தாவது வரி

அந்த இரண்டு அச்சுத்தாள்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் 8.2.2009, ஞாயிறு என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். மற்றொன்றில் 22.2.2009, அதுவும் ஞாயிறு. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அதன் வலது மேல் மூலையில் தேதியும் கிழமையும் எழுதுவது என் பழக்கம். பேருந்துச் சீட்டில்கூட எழுதுவேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அது பொய்யில்லை.

அப்போது நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் சி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு இளங்கலைக் கணிதம் படித்த நண்பன் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தான். கடலூரை ஒட்டிய கடலோரக் கிராமம் ஒன்றில் மீன்பிடிக் குடும்பம் அவனுடையது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் அவன்தான். பண்ருட்டி சாலையில் இருந்த ஒரு தனியார் கல்லூரி ஜூன் மாதம் அவனை விரிவுரையாளராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டதற்கான சான்றிதழ். சமர்ப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து.

அவனுக்குக் கணக்கு வரும், கணினி வராது. அதனால் நிரல் எழுதியது, ஓட்டியது, அட்டவணைகளைத் தட்டச்சு செய்தது எல்லாம் நான்தான்.

ஆய்வின் பொருள் எளிமையானது. ஒரு கால்வாயில் இவ்வளவு தண்ணீர், இவ்வளவு ஆற்றலோடு போகிறது என்றால் அதன் ஆழம் என்ன? அதற்கான சமன்பாட்டை நேராகத் தீர்க்க முடியாது. ஒரு ஆழத்தை உத்தேசமாக வைத்து, அந்த இடத்தில் வளைகோட்டுக்குத் தொடுகோடு வரைந்து, அது அச்சை வெட்டும் இடத்தை அடுத்த உத்தேசமாகக் கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் விடையை நெருங்கலாம். எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதுதான் ஆய்வேட்டின் கேள்வி.

வேகத்தை அளப்பது இப்படி. ஒவ்வொரு சுற்றிலும் உண்மையான விடைக்கும் நம் உத்தேசத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. அந்தப் பிழைகளை வரிசையாக எழுதிக்கொண்டு, ஒரு பிழையை முந்தைய பிழையால் வகுக்க வேண்டும். விகிதம் ஒன்றைவிடச் சிறிய ஏதாவது ஒரு எண்ணில் நிலைத்துவிட்டால், அது பாதியோ மூன்றில் ஒன்றோ, வேகம் நேரியல். விகிதம் சுருங்கிக்கொண்டே போய், அதே பிழையை முந்தைய பிழையின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற எண் நிலைத்தால் அது இருபடி வேகம். அவனுடைய முதல் அட்டவணையில் பிழைகள் 0.1, 0.008, 0.00005, 0.000000002 என்று இறங்கின. வர்க்கத்தால் வகுத்தால் மூன்று முறையும் 0.8ஐ ஒட்டியே வந்தது. சரியான தசம இடங்கள் சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன. முதல் நான்கு அட்டவணைகளும் இப்படித்தான். ஆய்வேட்டின் தலைப்பிலேயே ‘இருபடி வேகத்தில் ஒருங்கும்’, அதாவது விடையை நெருங்கும், என்ற சொற்கள் இருந்தன.

ஐந்தாவது அட்டவணை மட்டும் வேறு வகை. ஒரே ஆற்றலில் தண்ணீர் இரண்டு ஆழங்களில் ஓடலாம். ஆழமாக மெல்ல, அல்லது ஆழமில்லாமல் வேகமாக. ஆற்றலைக் குறைத்துக்கொண்டே போனால் இந்த இரண்டு விடைகளும் நெருங்கி ஒரு கட்டத்தில் ஒன்றாகிவிடும். மாறுநிலை ஆழம் எனப்படும் அந்த ஆழத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஐந்தாவது அட்டவணை. ஆய்வேட்டில் புதிதாக ஏதாவது இருந்தது என்றால் அதுதான்.

இங்கே அவன் படித்த கணிதத் துறையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உண்மையான விடை தெரியாதபோது, அட்டவணையின் கடைசி வரியில் வருகிற எண்ணையே விடையாக வைத்துக்கொண்டு மேலே உள்ள பிழைகளைக் கணக்கிடுவார்கள். செய்முறைத் தேர்வுப் பதிவேடுகளில் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்துவந்தார்கள். கூடவே இன்னொன்று. பதிவேட்டுத் தாளில் அட்டவணைக்குப் பத்துக் கோடுகள்தான் அச்சாகி இருக்கும். ஆகவே எந்தக் கணக்கும் பத்தாவது வரியோடு முடிந்துவிடும். ஆய்வேட்டுக்கும் அதே அளவு. அட்டவணை பக்கம் தாண்டக் கூடாது.

பிப்ரவரி 8ஆம் தேதி நான் நிரலை ஓட்டியபோது பன்னிரண்டு வரிகள் அச்சாகிவிட்டன. நண்பன் பார்த்துவிட்டு, “பத்துக்கு மேல போவாத மச்சான், மேடம் திட்டுவாங்க” என்றான். மேடம் என்றது அவனுடைய நெறியாளரை. 22ஆம் தேதி பத்து வரிகளாக மாற்றி அச்சிட்டேன். விகிதங்களின் பத்தி கீழே போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வரிகள் 0.47, 0.43, 0.33, அப்புறம் பூஜ்யம். மற்ற நான்கு அட்டவணைகளிலும் குறைந்தது, இதிலும் குறைகிறது, ஆகவே இருபடி. இருவருமே அவ்வளவோடு நிறுத்திவிட்டோம். வர்க்கத்தால் வகுத்துப் பார்க்கும் பத்தியை இந்த அட்டவணைக்கு மட்டும் போடவில்லை. பக்கத்தில் இடம் போதவில்லை என்பது எங்கள் சமாதானம்.

23ஆம் தேதி திங்கட்கிழமை, மகா சிவராத்திரி. நண்பன் ஆய்வேட்டைச் சிதம்பரத்தில் பைண்டிங் கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அன்று மாலை நான் பழைய தாள்களைத் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தேன். 8ஆம் தேதித் தாளுக்கு மேல் 22ஆம் தேதித் தாள் வந்தது. ஒரே கால்வாய், ஒரே தொடக்கம், ஒரே நிரல். உத்தேசங்கள் கடைசித் தசமம் வரை ஒத்துப்போயின. ஆனால் ஒன்பதாவது வரியின் விகிதம் ஒரு தாளில் 0.33, மற்றொன்றில் 0.47.

முதலில் தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது. 0.47, 0.43, 0.33, பூஜ்யம் என்ற அதே நான்கு எண்கள் இரண்டு தாளிலும் இருந்தன. ஒன்றில் ஏழாவது வரியில் தொடங்கின, மற்றதில் ஒன்பதாவது வரியில். அட்டவணை எங்கே முடிகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை தண்ணீரைப் பற்றிய எண்களே அல்ல. நாங்கள் எங்கே நிறுத்தினோம் என்பதைப் பற்றிய எண்கள்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிழை ஒவ்வொரு சுற்றிலும் வெறுமனே பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 16, 8, 4, 2, 1. கடைசி வரியில் மிச்சமிருக்கும் 1ஐக் கவனிக்காமல் அதையே விடை என்று எடுத்துக்கொண்டால், எல்லாப் பிழைகளிலும் ஒன்று குறையும். 15, 7, 3, 1, 0. ஏழைப் பதினைந்தால் வகுத்தால் 0.47. மூன்றை ஏழால் வகுத்தால் 0.43. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.33.

அதாவது ஐந்தாவது அட்டவணையின் வேகம் நேரியல். விகிதம் பாதி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, பைண்டிங் செய்த பிரதிகளை வாங்க இருவரும் சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். முதுநகர் தாண்டும் வரை தாள்கள் என் பைக்குள்ளேயே இருந்தன. அவன் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, கல்லூரியில் முதல் நாள் என்ன சட்டை போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சிப்காட் வந்ததும் இரண்டு தாள்களையும் அவன் மடியில் வைத்தேன்.

“இன்னாடா இது?”

“ஒம்போதாவது வரியப் பாரு.”

பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். “டைப் மிஸ்டேக்கா?”

“இல்ல.”

15, 7, 3, 1 கணக்கைக் காட்டினேன். ஆலப்பாக்கம் வந்தபோது சொன்னான், “நாளு கெழம எழுதி வெச்சே என் சோத்துல மண்ணு போட்டுட்டியேடா.”

“நான் போடல. கணக்கு அப்பிடி இருக்குது.”

“கணக்கு இருந்துட்டுப் போவுது. நீ எதுக்கு அந்தப் பன்னெண்டு வரித் தாள வெச்சிருந்த? ஊர்ல எல்லாரும் வேணாம்னா கிழிச்சிப் போடுவாங்க. நீ பெட்டி போட்டு வெப்ப.”

கொஞ்ச நேரம் கழித்து அவனே கையை நீட்டினான். “கால்குலேட்டர் இருக்குதா? விடை தெரிஞ்ச கணக்கு ஒண்ணு போட்டுப் பாக்கலாம். உன் தாள நம்பமாட்டேன்.”

செவ்வகக் கால்வாயை எடுத்துக்கொண்டோம். மாறுநிலை ஆழம் சரியாக ஒரு மீட்டர் வரும்படி எண்களை அமைத்தோம். விடை முன்கூட்டியே தெரியும் என்பதால் கடைசி வரியை நம்பி இருக்க வேண்டியதில்லை. 1.4இல் தொடங்கினோம். பேருந்து குலுக்கலில் அவன் எண்களைச் சொல்ல நான் எழுதினேன். பிழைகள் 0.4, 0.219, 0.116, 0.060, 0.031. விகிதங்கள் 0.55, 0.53, 0.52, 0.51. பாதியை நோக்கி வந்து அங்கேயே நிற்கப் பார்த்தன. வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறும்போது அவன் கால்குலேட்டரை அணைத்தான்.

“ரெண்டு ரூட்டும், ரெண்டு விடையும், ஒட்டிக்கிச்சி இல்ல,” என்றான். “வளைகோடு அச்ச வெட்டிக்கிட்டுப் போவல. தொட்டுட்டுத் திரும்புது. அங்க டேன்ஜென்ட் கோடு படுத்துக்கும். எப்பிடி வேகமாப் போவும்? இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும் மச்சான். பி.எஸ்சி.லயே படிச்சது.”

அது உண்மை. இருவருமே படித்திருந்தோம். இரட்டை மூலத்தில் இந்த முறை மெதுவாகிவிடும் என்று தேர்வில்கூட எழுதியிருக்கிறோம். ஆனால் அட்டவணை நாங்கள் விரும்பியதைச் சொன்னபோது படித்தது நினைவுக்கு வரவில்லை.

சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலிக் கூட்டம். கீழ வீதியில் சலங்கைப் பைகளோடு வெளியூர்க் குடும்பங்கள் அறை தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் கணினி வாடகைக்கு எடுத்து, என் பென் டிரைவில் இருந்த நிரலை இருபது வரிகளுக்கு ஓட்டினேன். ஒன்பதாவது வரியில் இப்போது 0.50. அதை ஒட்டிய வரிகளிலும் 0.50தான். எதிர்பார்த்தபடியே பதினேழாவது வரியில் 0.47, பிறகு 0.43, 0.33, பூஜ்யம்.

“நாப்பது போடு,” என்றான் நண்பன். கடைசி நம்பிக்கை அது. போட்டேன். இருபத்தைந்து வரிக்கு மேல் எண்கள் தாறுமாறாயின. அங்கே சமன்பாட்டின் மதிப்பு கணினி வைத்திருக்கக்கூடிய தசமங்களைவிடச் சிறிதாகிவிடுகிறது. அதற்கப்பால் அச்சாவது வெறும் இரைச்சல்.

நேராக அவனுடைய நெறியாளர் அறைக்குப் போனோம். அவர் ஒரு பேராசிரியை, அளந்து பேசுகிறவர். பத்து வரி விதியைக் கண்டிப்பாகப் பார்ப்பவரும் அவர்தான். தாள்களை வாங்கி மேசைமேல் பரப்பினார். ஒரு பென்சிலை எடுத்து, நாங்கள் போடாமல் விட்ட பத்தியை, பிழையை முந்தைய பிழையின் வர்க்கத்தால் வகுத்து, அவரே ஓரத்தில் எழுதத் தொடங்கினார். ஆறு வரி எழுதியதும் நிறுத்தினார்.

“வரிக்கு வரி ரெட்டிப்பாகுது. குவாட்ரடிக்னா, இருபடி வேகம்னா, இது நிக்கணும்.”

“ஆமா மேடம்,” என்றான் நண்பன்.

“இந்த டேபிள நானும் பாத்துதான் கையெழுத்துப் போட்டேன்.” பென்சிலைக் கீழே வைத்தார். “ரெண்டு வழி இருக்கு. அஞ்சாவது டேபிள சேத்து உண்மையை எழுதினா தலைப்ப மாத்தணும். தலைப்பு மாத்தணும்னா யூனிவர்சிட்டி போர்டு அனுமதிக்குப் போகணும். வெள்ளிக்கிழம முடியாது, அடுத்த தடவைதான். இல்லன்னா அந்த டேபிளையும் அது சம்பந்தப்பட்ட ரெண்டு பக்கத்தையும் எடுத்துடுங்க. மீதி நாலும் சரி, தலைப்பும் சரி.”

“எடுத்துட்டா தப்பு இல்லையா மேடம்?”

“மீதி இருக்கறதுல பொய் இல்ல. ஆனா உங்க தீசிஸ்ல புதுசுன்னு இருந்தது அது ஒண்ணுதான். நீங்களே முடிவு பண்ணுங்க.”

நாங்கள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். எந்தப் பக்கமும் பேச எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வேலைக்காகக் காத்திருந்தது நானில்லை. அவன் சுனாமிக் குடியிருப்பில் ஒற்றை அறை வீட்டில், தட்டு வைக்கும் பலகையில் எழுதி இந்த ஆய்வேட்டை முடித்தவன்.

“எடுத்துர்றேன்,” என்றான். “ஆனா அத எரிக்கப் போறதில்ல. இப்பவே கணக்க முடிச்சிரலாம். ரெண்டு ரூட்டு ஒட்டிக்கிச்சின்னா, ஒவ்வொரு சுத்துலயும் எடுத்து வெக்கிற அடிய ரெண்டு மடங்கா வெச்சா இன்னா ஆவும்?”

அங்கேயே நின்றபடி செவ்வகக் கால்வாய்க்கே போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு சுற்றிலும் தொடுகோடு சொல்லும் தூரத்தைப்போல இரண்டு பங்கு நகர வேண்டும். பிழைகள் 0.4, 0.038, 0.00047, 0.00000007. வர்க்கத்தால் வகுத்தால் மூன்றில் ஒன்றை நோக்கிப் போனது. நான்கே வரியில் வேலை முடிந்தது. அவன் சிரித்தான். அன்று முழுவதும் முதல்முறையாக. “பாரு, நாலு வரி. பதிவேட்டுல ஆறு வரி காலியா கெடக்கும்.”

பைண்டிங் கடைக்காரர் தங்க எழுத்து அடித்த அட்டையைப் பிரிக்க ஒத்துக்கொள்ளவே அரை மணி நேரம் ஆனது. புதன்கிழமை பக்கங்களை எடுத்து, பக்க எண்களை மாற்றி, மறுபடி தைத்தார். 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை சமர்ப்பித்தான். சான்றிதழ் கைக்கு வந்தது. ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தான். சட்டை வெளிர்நீலம்.

வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் நடந்தது. நான் விடுப்பு எடுத்துப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து கேட்டார்.

“எல்லா ஆழத்துக்கும் போட்டிருக்கீங்க. மாறுநிலை ஆழத்த மட்டும் காணோமே. அங்கயும் குவாட்ரடிக்தானா?”

நெறியாளர் மேசையைப் பார்த்தார். ‘அது என் ஆய்வின் எல்லைக்கு வெளியே’ என்று ஒரு வாக்கியம் போதும். அது தவறான பதிலும் இல்லை.

“இல்ல சார்,” என்றான். “அங்க லீனியர். பாதி. அந்த டேபிள் எங்கிட்ட இருந்தது சார், குவாட்ரடிக்னு தப்பா எழுதியிருந்தேன். குடுக்கறதுக்கு மூணு நாள் முன்னாடிதான் தெரிஞ்சிது. எடுத்துட்டேன்.”

“ஏன் எடுத்தீங்க? திருத்தியிருக்கலாமே.”

“வெள்ளிக்கிழம கடைசி நாள் சார்.”

அறையில் சிலர் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. எப்படித் தப்பாயிற்று என்று கேட்டார். நண்பன் கரும்பலகையில் 16, 8, 4, 2, 1 என்று எழுதி, கீழே 15, 7, 3, 1, 0 என்று எழுதினான். விகிதங்களை எழுதினான். பிறகு இரட்டை அடியின் நான்கு வரிகள். தேர்வாளர் எழுந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“கடைசி வரிய விடையா எடுக்கற பழக்கம் எங்க காலேஜ்லயும் உண்டு,” என்றார். “மத்த நாலு டேபிள்ல இது ஏன் கெடுக்கல?”

“அங்க ஆறாவது வரியிலயே விடை வந்துடுது சார். பத்தாவது வரி நெஜமாவே விடைதான். மெதுவாப் போற கணக்குலதான் கடைசி வரி ஏமாத்தும்.”

பட்டத்துக்குப் பரிந்துரைத்தார், ஒரு நிபந்தனையோடு. மாறுநிலை அட்டவணையை முழுதாகப் பின்னிணைப்பாகச் சேர்த்த பிறகே பட்டம். பின்னிணைப்புக்குத் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை என்று அவரே எழுதிக்கொடுத்தார். பிப்ரவரியில் எங்கள் மூவருக்கும் அந்த யோசனை வரவில்லை.

நான் அன்றாடம் நடப்பதை எழுதி வைக்கிறவன். ஊரில் எந்தப் பாலம் எப்போது திறந்தது, எந்தத் தெருவுக்கு எப்போது குடிநீர்க் குழாய் வந்தது என்று நோட்டுகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஆண்டைத் தொகுத்து எழுதுவேன். 2009க்குப் பிறகு பழைய தொகுப்புகளைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. எல்லாத் தொகுப்பிலும் கடைசி மாதங்களில் காரியங்கள் வேகமெடுத்து எங்கோ போய்ச் சேர்ந்ததுபோல் எழுதியிருந்தேன். அடுத்த ஆண்டின் தொகுப்பில் அந்த வேகம் அடுத்த டிசம்பருக்கு நகர்ந்திருந்தது. இப்போது ஓர் ஆண்டைத் தொகுக்க மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறேன். 2009ஐப் பற்றி இந்த 2012இல்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று போதுமா என்பது தெரியாது.

சென்ற மாதம் சிதம்பரம் போனபோது நூலகத்தில் அவனுடைய ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி அட்டைக்கு முன்னால் பின்னிணைப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. தாளின் நிறம் மற்றப் பக்கங்களைவிட வெளுப்பு. இருபது வரிகளும் அவன் எழுத்தில் விரிவான குறிப்பும் ஒரு பக்கத்தில் அடங்காததால் தாளை மடித்து ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தேன். 0.47, 0.43, 0.33, பூஜ்யம் வர வேண்டிய கடைசி நான்கு வரிகளுக்கு நேரே விகிதப் பத்தியில் எண்கள் இல்லை. கோடு மட்டும் போட்டு விட்டிருந்தான்.